இயர்புக்கில் எழுதும் அந்த ஒரு வரி

கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரு கூகுள் படிவம் வந்து சேர்கிறது. பெயர், பிறந்த நாள், சொந்த ஊர், புகைப்படம், செல்லப் பெயர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியாக ஒரு கட்டம் வைத்திருப்பார்கள்: ‘வகுப்புத் தோழர்களுக்கு உங்கள் செய்தி, 200 எழுத்துகளுக்குள்.’ மற்றதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடும் பிள்ளைகள் இந்தக் கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைக்கிறார்கள். கடைசி நாள் இரவு, படிவம் மூடப்படப்போகிறது என்று குழுவில் நினைவூட்டல் வந்த பிறகு, எங்கேயோ படித்த ஒரு வாசகம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

புத்தகம் அச்சாகி வரும்போது அறுபது முகங்களுக்குக் கீழே அறுபது வரிகள் இருக்கும். நட்பு அழியாது, நினைவுகள் என்றும் பசுமையானவை, மூன்று ஆண்டுகள் மூன்று நொடிகளாய்ப் பறந்தன, எங்கிருந்தாலும் வாழ்க. ஒருவர் வரியை எடுத்து இன்னொருவர் படத்துக்குக் கீழே வைத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். இறுதியாண்டு மாணவர்களின் இயர்புக் குழுவுக்குப் பல ஆண்டுகளாகத் துணை நிற்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: இந்தப் பிள்ளைகளுக்கு உணர்ச்சி இல்லாமல் இல்லை. ‘நட்பு அழியாது’ என்று எழுதிய அதே பையன்தான் வழியனுப்பு விழா அன்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறான். உள்ளே இருப்பது உண்மை, வெளியே வருவது மட்டும் இரவல். ஏன் இப்படி ஆகிறது, எப்படி மாற்றலாம் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

இரவல் வரி இன்றைய நோய் அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில், குறிப்பாக விட்டன்பர்கில், மாணவர்கள் ஒரு சிறிய ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் எழுதி வாங்கினார்கள். நம் ஊர் ஆட்டோகிராஃப் நோட்டுக்கு அது மூத்த முறை. அந்த ஏடுகளில் பெரும்பாலானவர்கள் எழுதியது லத்தீன் பழமொழியோ வேத வசனமோதான். ஆனால், அதோடு நிறுத்திவிடவில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதையும், தன் பெயர், ஊர், தேதியையும் கீழே சேர்த்தார்கள். மேலே உள்ள வாசகம் எல்லாருக்கும் பொது. கீழே உள்ள இரண்டு வரிதான் அந்த ஏட்டுக்கு மட்டும் சொந்தம். பின்னால் அமெரிக்காவில் 1806-இல் யேல் கல்லூரியின் ஒரு வகுப்பு, மாணவர்களின் நிழலுருவப் படங்களைத் தொகுத்து வைத்துக்கொண்டது. அதைத்தான் முதல் இயர்புக் என்று பலர் சொல்கிறார்கள். புகைப்படமும் அச்சும் மலிவான பிறகு அந்தப் பழக்கம் பள்ளிகளுக்கும் பரவியது. இன்று நம் கல்லூரிகளிலும் வேரூன்றியிருக்கிறது.

இந்தப் பயணத்தில் ஒன்று தொலைந்துபோனது. பழைய ஏட்டில் எழுதுகிறவருக்கு முன்னால் ஏட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஆட்டோகிராஃப் நோட்டிலும் அப்படித்தான். எழுதும் கைக்கு எதிரே ஒரு முகம் இருந்தது. எழுதி முடித்ததும் அவர் வாங்கிப் படிக்கப்போகிறார் என்று தெரியும். படிவத்தில் அந்த முகம் இல்லை. ‘வகுப்புத் தோழர்களுக்கு’ என்றால் யாருக்கு? அறுபது பேருக்கும் ஒரே நேரத்தில் பேசவேண்டும் என்று நினைத்த உடனே மேடைக் குரல் வந்துவிடுகிறது. மேடைக் குரலுக்கு ஏற்ற சொற்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. அப்துல் கலாமின் பெயரில் உலவும் கனவு வாசகங்கள், பாட்டு வரிகள், வாழ்த்து அட்டை வாசகங்கள் எல்லாம் அங்கே காத்திருக்கின்றன.

ஒரு வரி உள்ளத்திலிருந்து வந்ததா, கையிருப்பிலிருந்து வந்ததா என்பதைக் கண்டுகொள்ள ஓர் எளிய அடையாளம் உண்டு. கையிருப்பு வரிகளில் காலம் இருக்காது. என்றும், எப்போதும், எங்கிருந்தாலும், ஒருபோதும் என்ற சொற்களே அவற்றைத் தாங்கிநிற்கும். வினைச்சொல் வந்தால் அது பெரும்பாலும் எதிர்காலத்தில் வரும்: மறக்கமாட்டோம், தொடரும், சந்திப்போம். இருபது வயதில் இதையெல்லாம் உறுதியாகச் சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை. படிக்கிறவருக்கும் அது தெரியும். அதனால் அந்த வாக்குறுதி அவரைத் தொடுவதில்லை. நெஞ்சில் நிற்கும் வரிகளைப் பாருங்கள், அவற்றில் இறந்தகால வினை இருக்கும். கொடுத்தாய், காத்திருந்தீர்கள், சிரித்தோம், எழுதினேன். நடந்ததைச் சொல்ல எந்தத் துணிச்சலும் தேவையில்லை, நினைவு மட்டும் போதும். நடந்தது என்பதாலேயே அதை யாரும் மறுக்கவும் முடியாது.

ஒரு மாணவியின் வரி எப்படி உருவானது என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். வேதியியல் மூன்றாமாண்டு. கிராமத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோகிற பெண். அவர் முதலில் எழுதி அனுப்பியது இது: ‘மூன்று வருடம் போனதே தெரியவில்லை. இந்த நட்பு என்றென்றும் தொடரும். மிஸ் யூ ஆல்.’ தட்டச்சு செய்துகொண்டிருந்த குழு மாணவி அதைப் படித்துவிட்டு, “இது உன் வரி மாதிரியே இல்லையே” என்று கேட்டிருக்கிறார். “எனக்கு எழுத வராதுப்பா” என்பது பதில். இருவரும் துறை அறைக்கு வந்தார்கள்.

எழுதச் சொன்னால் வராது என்பதால் எழுதவே சொல்லவில்லை. “உனக்கு இந்த வகுப்பில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி ஆரம்பிக்கும்?” என்று மட்டும் கேட்டேன். விழா நாள், சுற்றுலா நாள் எல்லாம் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வரும். சாதாரண நாள் ஒவ்வொருவருக்கும் வேறு.

“பஸ் லேட்டாகும் சார். நான் உள்ளே வரும்போது ஃபர்ஸ்ட் அவர் பாதி போயிருக்கும்.”

“அப்புறம்?”

“அந்த நோட்ஸ் போயிடும். ஆனா போனதில்லை. என் நோட்டை ஹாஸ்டல் பொண்ணுங்ககிட்டயே விட்டுட்டுப் போவேன். நான் வர்றதுக்குள்ள யாராவது எழுதியிருப்பாங்க.”

“யார்?”

“ஒருத்தர் இல்ல சார். மாத்தி மாத்தி எழுதுவாங்க. இப்பப் பார்த்தாலும் நோட்டுல அஞ்சு பேர் கையெழுத்து தெரியும்.”

சொல்லி முடித்ததும் அவரே அமைதியாகிவிட்டார். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

அடுத்த நாள் அவர் எழுதிவந்த இரண்டாவது வரைவில் இந்தச் செய்தி இருந்தது. ஆனால், அதைச் சுற்றி மறுபடியும் அலங்காரம் ஏறியிருந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் தெய்வங்கள் ஆகியிருந்தார்கள்; அவர்கள் அன்புக்கு ஈடு இணை இல்லை; ஏழேழு பிறவிக்கும் நன்றி. இந்த இரண்டாம் கட்டத்தில்தான் பல நல்ல வரிகள் வீணாகின்றன. விஷயம் சின்னதாக இருக்கிறதே, அச்சில் வருவதற்கு இது போதுமா என்ற கூச்சத்தில் பெரிய சொற்களைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சக மாணவியின் நோட்டில் பாடம் எழுதிக் கொடுத்தவர்களைத் தெய்வம் என்று சொன்னால், அவர்கள் செய்த வேலை கண்ணுக்கு மறைந்துவிடும். தெய்வத்துக்கு அது எளிது. காலையில் தன் நோட்டிலும் எழுதிக்கொண்டு, தோழியின் நோட்டிலும் எழுதுவது ஒரு மனிதப் பெண்ணுக்குக் கை வலிக்கும் வேலை.

ஆகவே அடைமொழிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். ஒரு சொல்லை எடுத்தால் செய்தி குறைகிறதா என்று பார்ப்போம். குறையாவிட்டால் அது போகும். ‘நன்றி’ என்ற சொல்லும் போயிற்று, அது இல்லாமலே நன்றி தெரிந்ததால். ஐந்து பேரின் பெயரையும் போடலாமா என்று அவர் கேட்டார். யோசித்துவிட்டு வேண்டாம் என்று அவரே முடிவுசெய்தார். ஐவருக்கும் தங்கள் கையெழுத்து தெரியும். பெயர் போட்டால் மற்றவர்களுக்கு அது அந்த ஐவரின் விவகாரமாகிவிடும். பெயர் இல்லாதபோது, இப்படி ஒரு காரியம் நடந்த வகுப்பில் நாமும் இருந்தோம் என்று எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் அச்சான வரி இது:

‘பஸ் தாமதமான நாளெல்லாம் ஃபர்ஸ்ட் அவர் பாடம் என் நோட்டில் எழுதியிருக்கும். ஐந்து பேர் கையெழுத்து அதில் இருக்கிறது. அந்த நோட்டைப் படித்துத்தான் பாஸ் செய்தேன்.’

இதில் அன்பு என்ற சொல் இல்லை, நட்பு இல்லை, நினைவு இல்லை. மூன்று வாக்கியங்களும் நடந்ததைச் சொல்கின்றன. இதை வேறொரு வகுப்பின் புத்தகத்தில் வைக்க முடியாது. வேறொரு மாணவியின் படத்துக்குக் கீழேகூட வைக்க முடியாது. அதே சமயம், அந்த வகுப்பையே அறியாத ஒருவர் படித்தாலும் அங்கே என்ன நடந்தது என்று விளங்கும். புத்தகம் கைக்கு வந்த அன்று அந்த ஐவரில் ஒருவர் தன் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்தைத்தான் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

‘ஃபர்ஸ்ட் அவர்’, ‘பாஸ்’ என்றெல்லாம் இருக்கிறதே, ‘முதல் பாடவேளை’, ‘தேர்ச்சி’ என்று திருத்தக் கூடாதா என்று கேட்கலாம். நான் திருத்தவில்லை. அந்த வகுப்பறையில் மூன்று ஆண்டுகள் புழங்கிய சொல் அதுதான். தோழிகள் அந்தக் குரலைக் கேட்டால்தான் எழுதியவர் யாரென்று அடையாளம் தெரியும். எழுத்துப்பிழையைத் திருத்துவது குழுவின் கடமை. பேச்சைத் திருத்துவது அதன் வேலை அல்ல.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு தடை உண்டு. படிவத்தின் 200 என்ற வரம்பு நாம் எண்ணும் எழுத்துக் கணக்கு அல்ல. ‘கையெழுத்து’ என்பதில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினி பத்து என்று எண்ணும். கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றையும் தனிக் குறியாக அது எடுத்துக்கொள்வதே காரணம். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் இடம் தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைப்பதில்லை. வரி பாதியில் நின்றுபோன எரிச்சலில் பல பிள்ளைகள் தெரிந்த ஆங்கில வாசகம் ஒன்றுக்கு மாறிவிடுகிறார்கள். தமிழ் வரிகளுக்கு 350 என்று வரம்பை உயர்த்தினால் பக்க அமைப்பு ஒன்றும் கெட்டுவிடாது. அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பு பார்ப்பதும் அவசியம். வடிவமைப்பு மென்பொருளில் தமிழுக்கான அமைப்பு சரியாக இல்லையென்றால், எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கவேண்டிய கொம்பு வலப்பக்கம் போய்விடும். கொ, மே, கை போன்ற எழுத்துகள் வரும் இடங்களை மட்டும் பார்த்தாலே இந்தக் கோளாறு தெரிந்துவிடும். இதற்குப் பதினைந்து நிமிடம் போதும்.

உண்மையாக எழுதச் சொல்லும்போது இரண்டு பக்கமும் பள்ளம் இருப்பதையும் சொல்லவேண்டும். ஒன்று, நான்கு பேருக்கு மட்டும் புரியும் குறிப்பு. கடைசி பெஞ்சின் ஒரு சங்கேதச் சொல்லை மட்டும் எழுதி ஆச்சரியக்குறி போட்டுவிடுவார்கள். அந்த நால்வர் சிரிப்பார்கள். மற்றவர்களுக்குக் கதவு சாத்தியதுபோல் இருக்கும். அதற்குத் தீர்வு அந்தக் குறிப்பை நீக்குவது அல்ல, அதன் பின்னால் நடந்ததை அரை வாக்கியத்தில் சேர்ப்பது. மழை நாளில் கேன்டீனில் மிஞ்சியிருந்த கடைசி பஜ்ஜியை நான்காகப் பிய்த்த கதை என்றால், அதைச் சொல்லிவிட்டால் அறுபது பேரும் உள்ளே வந்துவிடுவார்கள்.

இரண்டாவது பள்ளம் ஆழமானது. உண்மை என்ற பெயரில் இன்னொருவரின் கதையை அச்சில் ஏற்றிவிடுவது. யார் யாரை விரும்பினார், யாருக்கு எத்தனை அரியர், யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பதெல்லாம் வகுப்புக்குள் கிண்டலாகப் போய்விடும். புத்தகத்தில் ஏறினால் அது அந்தப் பிள்ளையின் வீட்டு அலமாரிக்குப் போகும். அப்பா படிப்பார், நாளைக்குக் கல்யாணமான வீட்டிலும் யாரோ புரட்டுவார்கள். ஆகவே ஒரு விதி வைத்திருக்கிறோம். இன்னொருவரை அடையாளம் காட்டும் வரி எதுவானாலும், அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகுதான் அச்சுக்குப் போகும். தன் தோல்வியைச் சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பிறர் தோல்வியைச் சொல்ல யாருக்கும் இல்லை.

எல்லாரும் மகிழ்ச்சியாகவே படித்து முடிக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. வகுப்பில் யாருடனும் ஒட்டாமல் மூன்று ஆண்டுகளையும் கடந்த பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இரவல் வரி அவர்களுக்குத்தான் அதிகம் கைகொடுக்கிறது. நடக்காத நட்பைப் பற்றி அவர்களால் வேறென்ன எழுத முடியும்? அப்படி ஒரு மாணவரிடம், “எல்லாரையும் பற்றி எழுதவேண்டியதில்லை, ஒருவர் செய்த ஒரு காரியம் போதும்” என்று சொன்னோம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் நடந்ததை அவர் எழுதினார்: ‘முதல் இரண்டு வருடம் வகுப்பில் நான் அதிகம் பேசியதில்லை. முகாமில் குளம் வெட்டும்போது மண்சட்டியை என் கையில் கொடுத்து வரிசையில் நிற்கவைத்தீர்கள். அன்றுதான் பேச ஆரம்பித்தேன்.’ அவர் தனிமையை மறைக்கவும் இல்லை, யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. தனக்கு எது கிடைத்ததோ அதைச் சரியான அளவில் சொன்னார். இந்த வரியைப் படித்த பிறகு, அவரிடம் அதிகம் பேசாத பலர் தேடிப்போய்ப் பேசினார்கள்.

இந்த இரு பிள்ளைகளும் எழுத்தாளர்கள் அல்லர். அவர்களிடம் கேட்ட கேள்வி மாறியது. பதில் தானாக மாறியது. ஆகவே குறை மாணவர்களிடம் இல்லை என்பது என் முடிவு. ‘உங்கள் செய்தி’ என்று கேட்டால் செய்திதான் வரும், அதாவது ஊருக்கெல்லாம் பொதுவான அறிவுரையோ வாழ்த்தோ. கல்லூரி நிர்வாகங்களும் இயர்புக் குழுக்களும் இந்த ஆண்டே செய்யக்கூடிய மாற்றம் மிகச் சிறியது. அந்தக் கடைசிக் கட்டத்தின் கேள்வியை மாற்றுங்கள். ‘இந்த வகுப்பில் யாரோ உங்களுக்காகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அல்லது, ‘ஒரு சாதாரண நாளில் இந்த வகுப்பில் நீங்கள் எதிர்பார்த்து வந்தது எது?’ என்று கேளுங்கள். கேள்வியைப் படிவம் திறப்பதற்குப் பத்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள். நினைவு நள்ளிரவில் அவசரத்துக்கு வராது. பேருந்தில் போகும்போதும் சாப்பிடும்போதும்தான் வரும்.

மாதிரி வரிகளைக் குழுவில் போடாதீர்கள். நல்ல மாதிரி என்றாலும் போடாதீர்கள். ஐந்து கையெழுத்து வரியை மாதிரியாகப் போட்டால் அடுத்த ஆண்டு இருபது பேர் நோட்டைப் பற்றியே எழுதுவார்கள். அன்றோடு அதுவும் கையிருப்புச் சரக்காகிவிடும். எழுதி வந்த வரியை அச்சுக்கு முன் ஒரு வகுப்புத் தோழரிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். கேட்டவர் “ஆமா, அன்னைக்கு...” என்று தொடர்ந்தால் வரி சரியாக இருக்கிறது என்று பொருள். “சூப்பர்” என்று மட்டும் சொன்னால் இன்னும் ஒருமுறை உட்கார்ந்து எழுதவேண்டும்.

மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் ஒரு மாணவர் என்ன படித்தார் என்பதற்கு ஆவணம். யாருடைய உதவியால் படித்தார் என்பதற்குக் கல்லூரி எந்த ஆவணமும் தருவதில்லை. பஸ் தாமதமான நாளில் நோட்டு எழுதியவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மண்சட்டியைக் கையில் கொடுத்தவருக்கு மதிப்பெண் கிடையாது. அதைப் பதிவுசெய்ய இருக்கும் ஒரே இடம் அந்த 200 எழுத்துக் கட்டம். அதை வாழ்த்து அட்டை வாசகத்துக்குக் கொடுத்துவிட்டால், உதவி செய்த பிள்ளைக்குத் தான் செய்தது கவனிக்கப்பட்டதா என்பது தெரியாமலே போய்விடும். உங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தால், அவர் செய்ததை எழுதுங்கள்.